லோ-ஃபை பீட் ஏன் கதகதப்பாக ஒலிக்கிறது, ஆம்பியன்ட் இசை எதற்காக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு மூலையில் கணினியும் சின்ன கீபோர்டும் வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாக லோ-ஃபை பீட் செய்துவருகிறேன், அதாவது பழைய இசைத்தட்டு போல வேண்டுமென்றே மங்கலாக ஒலிக்கும் மெதுவான ஹிப்-ஹாப் தாள இசை. கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளமாகப் போகும். அங்கேதான் விஷயம் இருக்கிறது என்பதால் சுருக்கவில்லை.

லோ-ஃபை கேட்டாலே போர்வைக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கே, ஏன்?

போர்வை என்பது மிகச் சரியான சொல். போர்வை ஒலிக்கு என்ன செய்யுமோ அதையேதான் லோ-ஃபை செய்பவர்களும் செய்கிறார்கள்.

மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஜால்ராவின் பளபளப்பு, பாடகரின் 'ஸ்' ஒலியில் வரும் சீறல், கிட்டார் கம்பியை நகம் தொடும் அந்த முதல் 'டிக்' ஆகியவற்றின் கூர்மை பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. லோ-ஃபை பீட்டில் ஒரு லோ-பாஸ் ஃபில்டரைப் போட்டு, அந்த மேல்பகுதியை மெல்லச் சரியவிடுவார்கள். பியானோ கார்டுகளுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களுக்கு, 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே கத்தரி விழுவதும் உண்டு.

இப்படி மேல்பகுதி போன ஒலியை நாம் வாழ்க்கையில் எங்கே கேட்கிறோம்? சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சுவரும் கதவும் உயர் அதிர்வுகளை எளிதில் தடுத்துவிடும், தாழ்ந்தவை ஊடுருவி வரும். இரண்டு தெரு தள்ளி ஓடும் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் பாட்டின் வரி புரியாது, 'தும் தும்' மட்டும் வந்து சேரும். பக்கத்து அறையில் யாரோ மெதுவாக வாசிக்கிறார்கள், நம்மைக் கூப்பிடவில்லை, நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற எண்ணத்தை அந்த மழுங்கிய ஒலி தருகிறது. அடுக்களையில் பாத்திரம் விழுந்தால் திடுக்கிட்டுத் திரும்புகிறோம். அந்த ஒலியின் தொடக்கம் கூர்மையானது, உயர் அதிர்வுகள் நிறைந்தது. லோ-ஃபையில் அந்தக் கூர்முனைகளை எல்லாம் உரசித் தேய்த்துவிடுகிறார்கள். அதனால் நம்மைத் திரும்ப வைக்கும் ஒலி எதுவும் மிஞ்சுவதில்லை.

இதோடு ஸ்வரங்களின் பங்கும் உண்டு. லோ-ஃபையில் அதிகம் வரும் கருவி ஃபெண்டர் ரோட்ஸ் எனும் எலக்ட்ரிக் பியானோ. அதில் கம்பிகள் கிடையாது. சின்னச் சுத்தியல் ஒன்று மெல்லிய உலோகக் குச்சியைத் தட்டும், அந்த அதிர்வு காந்தச் சுருள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். மெதுவாகத் தட்டினால் மணி போல உருண்டையான ஒலி வரும். அதில் ஜாஸிலிருந்து வந்த நான்கு, ஐந்து ஸ்வரக் கார்டுகளை வாசிக்கிறார்கள். மேஜர் செவன்த் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ச, அந்தர காந்தாரம், ப, காகலி நிஷாதம். இதில் ச-க-ப மூன்றையும் தனியாகக் கேட்டால் மலர்ச்சியான மேஜர் கார்டு. க-ப-நி மூன்றையும் தனியாகக் கேட்டால் சோகம் தோய்ந்த மைனர் கார்டு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. மகிழ்ச்சியா வருத்தமா என்று சொல்லமுடியாத அந்த மாலை நேர உணர்வு இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

வினைல் இசைத்தட்டோட பொரிச்சல் சத்தத்தை மேலே போட்டேன், ஆனா லோ-ஃபை ஆகல. என்ன தப்பு?

'மேலே' போட்டதுதான். நானும் முதல் பீட்டில் இதையே செய்தேன். மென்மையான பியானோவை ஃபில்டர் செய்து முடித்து, கடைசியில் ஒரு பொரிச்சல் ஒலிக்கோப்பை அதன்மேல் வைத்தேன். பியானோ ஒரு உலகத்திலும், பொரிச்சல் வேறு உலகத்திலும் நின்றது. பியானோ 4,000 ஹெர்ட்ஸில் மங்கி முடிகிறது, பொரிச்சலோ 12,000 ஹெர்ட்ஸில் பளிச்சென்று மின்னுகிறது. பக்கத்தில் யாரோ அப்பளம் பொரிப்பதுபோல் இருந்தது.

நிஜமான இசைத்தட்டில் இரண்டும் ஒரே ஊசியிலிருந்து, ஒரே ஸ்பீக்கர் வழியாக வருகின்றன. எனவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கார்டுகளையும் பொரிச்சலையும் ஒரே தடத்தில் கலக்க வேண்டும். பிறகு அந்தக் கலவைக்கு டேப் சாச்சுரேஷன், அதாவது நாடாவில் ஒலி நிறைந்து வழியும்போது அதன் உச்சிகள் வட்டமாக அமுங்குவது போன்ற விளைவைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே சுருதி ஆட்டம், கடைசியில் ஃபில்டர். இப்போது பொரிச்சலும் மங்கும், கார்டோடு சேர்ந்து அமுங்கும், சேர்ந்து மூச்சு விடும்.

அளவைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பாட்டு ஓடும்போது பொரிச்சல் தனியாகக் காதில் விழக்கூடாது. ஆனால் அதை நிறுத்தினால் அறை திடீரென்று காலியானதுபோல் தோன்ற வேண்டும்.

இன்னொரு கவனம். பொரிச்சல் கோப்பு நான்கே விநாடி நீளம், அதில் ஒரு பெரிய 'டப்' இருக்கிறது என்றால், லூப் ஆகும்போது அந்த 'டப்' நான்கு விநாடிக்கு ஒருமுறை வந்து தாளத்தில் சேராத டிரம் ஆகிவிடும். காது அதைப் பிடித்துவிட்டால் விடவே விடாது. ஒரு நிமிடத்துக்குக் குறையாத கோப்பாக எடுங்கள்.

சுருதி லேசா ஆடுதே, அது எங்கிருந்து வருது? எவ்வளவு ஆடலாம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

நீண்டநேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டின் நடுத்துளை மிகச் சரியாக மையத்தில் இல்லை, அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தூரத்தில் ஊசி ஓடும்போது, அந்த விலகல் அரை சதவீத வேக மாற்றத்தைத் தரும். பாதிச் சுற்றில் வேகம் அரை சதவீதம் கூடும், மறுபாதியில் அரை சதவீதம் குறையும். சுருதிக் கணக்கில் இது ஏறக்குறைய 9 சென்ட். பக்கத்துப் பக்கத்து ஸ்வரஸ்தானங்களுக்கு இடையில் 100 சென்ட் இருக்கிறது, அதில் பதினொன்றில் ஒரு பங்கு. சுருதி விலகியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஒரு மெல்லிய ஊசலாட்டம் இருக்கும்.

கேசட்டில் காரணம் வேறு. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர வேண்டும். அதை இழுக்கும் மெல்லிய உலோகத் தண்டும் ரப்பர் உருளையும் தேய்ந்துபோனாலோ, பெல்ட் தளர்ந்தாலோ அந்த வேகம் நிலையாக இருக்காது. மெதுவான ஆட்டத்தை 'வாவ்' என்றும், படபடக்கும் வேகமான ஆட்டத்தை 'ஃபிளட்டர்' என்றும் சொல்வார்கள். டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீரும்போது பாட்டு இழுத்துக்கொண்டு போனதைக் கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதைக் கமகத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கமகத்தில் பாடகர் ஒரு ஸ்வரத்தை அசைக்கிறார், தம்புரா அசையாமல் நிற்கிறது. அந்த நிலைத்த சுருதியை வைத்துத்தான் அசைவே புரிகிறது. வாவ் ஆட்டத்தில் கார்டில் உள்ள எல்லா ஸ்வரங்களும் ஒன்றாக மிதக்கின்றன, தம்புராவையும் சேர்த்து யாரோ தொட்டிலில் போட்டு ஆட்டுவதுபோல.

கணினியில் செய்யும்போது வேகத்தை அரை ஹெர்ட்ஸ் அளவிலும், ஆழத்தைப் பத்து சென்ட்டுக்குள்ளும் வைத்தால் போதும். முப்பது சென்ட்டைத் தாண்டினால் பேருந்தில் புத்தகம் படித்ததுபோல் தலை சுற்றும். கார்டுகள் மட்டும் ஆடட்டும், பேஸும் டிரம்மும் நேராக நிற்கட்டும். இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது: கார்டுகள் பழைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டவை, டிரம் இயந்திரத்திலிருந்து வந்தது. ஒன்று ஆடும், மற்றொன்று ஆடாது.

பழைய சாம்ப்ளர்ல செஞ்சாத்தான் அந்த ஒலி வரும்னு சொல்றாங்களே, உண்மையா?

அந்த ஒலி அங்கே பிறந்தது என்பது உண்மை. அங்கே மட்டுமே வரும் என்பது உண்மையில்லை.

சாம்ப்ளர் என்பது ஒலித்துண்டுகளைப் பதிவுசெய்து திரும்ப வாசிக்கும் இயந்திரம். 1987-இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரைப் பாருங்கள். அதன் நினைவகத்தில் மொத்தம் பத்து விநாடி ஒலிதான் அடங்கும். ஒரே சாம்பிளுக்கு அதிகபட்சம் இரண்டரை விநாடி. நியூயார்க் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 33⅓ வேகத் தட்டை 45 வேகத்தில் சுற்றவிட்டுப் பதிவுசெய்வார்கள். இரண்டரை விநாடிக்குள் மூன்று விநாடிக்கு மேலான இசை உள்ளே போய்விடும். பிறகு இயந்திரத்துக்குள் அதை மெதுவாக்கிப் பழைய சுருதிக்கு இறக்குவார்கள்.

இதற்கு விலை உண்டு. அந்த இயந்திரம் விநாடிக்கு 26,040 முறை ஒலியை அளக்கிறது. அளக்கும் எண்ணிக்கையில் பாதி அளவு அதிர்வைத்தான் எந்த டிஜிட்டல் பதிவும் பிடிக்கும், ஆக உச்ச வரம்பு 13,000 ஹெர்ட்ஸ். பிறகு மெதுவாக்கும்போது அந்த வரம்பும் சேர்ந்து இறங்கி 9,600 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும். அதோடு 12 பிட் அளவீட்டின் கரகரப்பும், மெதுவாக்கும்போது உருவாகும் பொய்யான அதிர்வுகளும் சேரும். இடப் பற்றாக்குறைக்காகச் செய்த ஒன்று தனி நிறமாகிவிட்டது. இன்று அதை விரும்பிச் செய்கிறோம், மென்பொருளில் நன்றாகவே செய்ய முடிகிறது.

டிரம் கொஞ்சம் தப்பா அடிச்ச மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு. எப்படி?

இந்த இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா. 1974-இல் பிறந்தவர், 2006-இல் தன் 32-ஆம் பிறந்தநாள் கழிந்து மூன்றே நாளில் இறந்தார். அவர் பயன்படுத்திய அக்காய் எம்பிசி 3000 என்ற சாம்ப்ளர் இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே 1974-இல் பிறந்த டோக்கியோவின் நுஜாபெஸும் ஜாஸ் பியானோவை ஹிப்-ஹாப் தாளத்தோடு பிணைத்தார். இன்றைய லோ-ஃபைக்கு இந்த இருவரையும் மூத்தவர்களாகச் சொல்வது வழக்கம்.

இனி கணக்கு. லோ-ஃபை பீட் நிமிடத்துக்கு 80 அடி என்று வைப்போம். ஓர் அடிக்கு 750 மில்லி செகண்ட். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 187.5. டிரம்மின் ஜோடி ஜால்ராவான ஹை-ஹேட்டை இயந்திரம் மிகச் சரியாக இந்த இடங்களில் தட்டினால் அது சதுஸ்ர நடை, தையல் இயந்திரம் போல ஓடும். எம்பிசியில் ஸ்விங் என்று ஓர் அமைப்பு உண்டு. இரண்டு இரண்டு தட்டுகளாக எடுத்து, இரண்டாவதை மட்டும் தாமதிக்கும். 50 சதவீதம் என்றால் தாமதமே இல்லை. 66 என்றால் இரண்டாவது தட்டு மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் விழும், அதாவது திஸ்ர நடையின் முதல் அடியும் மூன்றாம் அடியும் மட்டும் கேட்பதுபோல. 58-இல் வைத்தால் இரண்டாவது தட்டு 187.5-க்குப் பதிலாக 217.5-இல் விழுகிறது. முப்பது மில்லி செகண்ட் தாமதம். சதுஸ்ரமும் இல்லை, திஸ்ரமும் இல்லை, நடுவில் எங்கோ சாய்ந்து நிற்கிறது.

டில்லா இன்னும் ஒரு படி போனார். ஒரே பாட்டில் ஒரு கருவியை நேராகவும் மற்றொன்றைச் சாய்வாகவும் ஓடவிட்டார். ஸ்னேர் எனும் கூர்மையான டிரம் ஒரு கணம் முந்தி வரும், கிக் எனும் கனத்த டிரம் தன் போக்கில் பிந்தி வரும். இரண்டு நடை உணர்வுகள் ஒன்றோடொன்று இழுபடும்போது அந்தத் தள்ளாட்டம் கிடைக்கிறது.

பலர் சறுக்குவது இங்கேதான். மென்பொருளில் 'ஹியூமனைஸ்' பொத்தானை அழுத்தி எல்லாத் தட்டுகளையும் கண்டபடி சிதறவிடுவார்கள். அது தாளம் தெரியாதவர் வாசித்ததுபோல் இருக்கும். தாமதம் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குணமாக இருக்க வேண்டும். ஸ்னேர் பத்து மில்லி செகண்ட் முந்தினால் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் முந்த வேண்டும், கார்டு இருபது பிந்தினால் எப்போதும் பிந்த வேண்டும். அப்போதுதான் கேட்பவரின் உடம்பு அதைப் பழகிக்கொண்டு தலையாட்டும்.

தமிழ்ப் பாட்டை மெதுவாக்கி எதிரொலி போட்டு லோ-ஃபைன்னு போடுறாங்களே, அதுவும் இதுதானா?

வேறு குடும்பம். பாட்டை மெதுவாக்கிக் கேட்கும் பழக்கம் 1990-களில் டெக்ஸஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ செய்த கலவைகளோடு வேர்விட்டது. ரிவெர்ப் எனும் எதிரொலியைச் சேர்ப்பது பிறகு இணையத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

பாட்டை 85 சதவீத வேகத்துக்கு இறக்கினால் சுருதி ஏறக்குறைய மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு வந்துவிடுவார். குரல் மட்டுமல்ல, குரலின் உடம்பே பெரிதாகிக் கனத்துப்போகும். மெலடிப் பாடல்களுக்கு இது சில நேரம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் வேகமான கமகங்கள் நிறைந்த பாட்டில் ஒவ்வொரு அசைவும் தனித்தனியாக வழுக்கித் தெரியும், கேட்கவே சங்கடமாக இருக்கும். நான் அவற்றைத் தொடமாட்டேன்.

சரி, ஆம்பியன்ட் இசை? அது என்ன செய்யணும்னு உருவாக்கினது?

இந்தப் பெயரை நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. 1975-இல் ஒரு டாக்சி மோதி அவர் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஈனோ சிரமப்பட்டுத் தட்டைப் போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான், ஒலி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருப்பதும், ஸ்டீரியோவின் ஒரு பக்கம் வேலை செய்யாததும் தெரிந்தது. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே அவ்வப்போது ஒரு ஹார்ப் ஸ்வரம் மட்டும் மேலே வந்து போனது. இசையை அறையின் வெளிச்சம்போல, மழையின் ஓசைபோல, சூழலின் ஒரு பகுதியாகக் கேட்கலாம் என்று அன்று தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார்.

பிறகு 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்பைச் செய்தார். அதன் உறைக்குறிப்பில் அவர் வைத்த விதி இதுதான்: கவனித்துக் கேட்டாலும் சரி, பாதிக் காதோடு கேட்டாலும் சரி, மறந்தே போனாலும் சரி, இசை எல்லாவற்றுக்கும் இடம் தர வேண்டும். எந்த ஒன்றையும் வற்புறுத்தக் கூடாது. எவ்வளவு சுவையானதோ அவ்வளவு எளிதாகக் கண்டுகொள்ளாமல் விடவும் முடிய வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு முதல் பாதியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கவனித்தால் ஒன்றுமே கிடைக்காத இசை ஆம்பியன்ட் ஆகாது.

விமான நிலையம் என்பது வெறும் தலைப்பு இல்லை. ஜெர்மனியின் கொலோன்-பான் விமான நிலையத்தில் காத்திருந்தபோது அங்கே ஓடிய இசை அவருக்கு ஒவ்வவில்லை. அங்கிருந்து சில நிபந்தனைகள் பிறந்தன. அறிவிப்பு வந்தால் இசை அறுபட்டாலும் கெடக்கூடாது. மக்கள் பேசும் அதிர்வெல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். பேச்சின் வேகத்தில் ஓடக்கூடாது. சுற்றியுள்ள இரைச்சலுக்கு இடம் விட வேண்டும். 1980-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் இதை உண்மையிலேயே ஒலிக்கவும் விட்டார்கள்.

லிஃப்ட்ல, ஹோட்டல்ல ஓடுற இசையும் அதேதானே?

எதிர்த் திசை. அமெரிக்காவில் 1934-இல் தொடங்கிய மியூசாக் நிறுவனம் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்பி வழியாக இசையை விற்றது. கால்மணி நேரத் தொகுப்பு, அதற்குள் விறுவிறுப்பு படிப்படியாக ஏறும், பிறகு கால்மணி நேர மௌனம். வேலை செய்பவர் சோர்ந்துபோகாமல் இருக்க அந்தத் திட்டம். இடத்தின் தன்மையை மூடி மறைத்து எல்லா இடத்தையும் ஒரேபோல் உற்சாகமாக்குவது அதன் வேலை. ஈனோ இதைத் தன் குறிப்பிலேயே மறுத்தார். ஓர் இடத்தில் தயக்கமோ தனிமையோ இருந்தால் அதை வைத்துக்கொண்டே அமைதியும் யோசிக்க இடமும் தருவது தன் இசை என்றார்.

இவருக்கு முன்பே பாரிஸில் எரிக் சாட்டி என்ற இசையமைப்பாளர் இதுபோன்ற ஒன்றை 'அறைகலன் இசை' என்று அழைத்தார். 1920-இல் ஓர் அரங்கின் இடைவேளையில் அதை வாசித்தபோது மக்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாட்டி அவர்களிடையே போய், பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரே மாதிரி ஓடுது, ஆனா சலிக்கல. அதுக்கு என்ன தந்திரம்?

விமான நிலையத் தொகுப்பில் '2/1' என்று ஒரு பகுதி இருக்கிறது. மனிதக் குரல்கள் மட்டும், ஒரு குரல் ஒரு ஸ்வரம். ஒவ்வொரு ஸ்வரமும் தனி நாடாவில் வளையமாக ஓடுகிறது. நாடாக்கள் அவ்வளவு நீளம் என்பதால் ஸ்டுடியோவில் நாற்காலிகளின் உலோகக் கால்களைச் சுற்றி அவற்றை ஓடவிட்டார்கள்.

ஈனோ சொன்ன நீளங்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வளையம் 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்புகிறது. இன்னொன்று 25⅞ விநாடி. மூன்றாவது 29 விநாடியும் பதினாறில் பதினைந்து பங்கும். மூன்றையும் ஒரே கணத்தில் தொடங்கினால், மறுபடி மூன்றும் ஒரே கணத்தில் எப்போது சேரும்?

முதல் இரண்டு மட்டும் சேர 81 நிமிடம் ஆகும். மூன்றும் சேர ஏறக்குறைய 27 நாள். நான் விநாடியைப் பதினாறாகப் பிரித்து மீச்சிறு பொது மடங்கு போட்டுப் பார்த்தேன்: 376, 414, 479. கணக்கு அப்படித்தான் வருகிறது. தட்டில் இருப்பது ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு, வளையங்களும் மூன்றுக்கு மேல். நாம் கேட்பது அந்த நீண்ட சுழற்சியின் ஒரு துணுக்கு மட்டுமே.

கச்சேரியில் மிருதங்கக்காரர் கோர்வையை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சமத்தில் இறக்கும்போது அரங்கமே நிமிரும். கணக்கு வந்து சேரும் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கிறோம். இங்கே அதே கணக்கை வைத்துச் சமமே வராதபடி செய்திருக்கிறார். எதிர்பார்க்க ஒன்றும் இல்லாததால் மனம் காத்திருப்பதை விட்டுவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம். அறிவிப்பு குறுக்கிட்டாலும் எதுவும் தவறிப்போவதில்லை.

அப்போ லோ-ஃபைக்கும் ஆம்பியன்ட்டுக்கும் வித்தியாசம்?

தாளம். லோ-ஃபை நேரத்தை அளந்துகொண்டே போகிறது, நான்கு கார்டு திரும்பத் திரும்ப வரும். ஆம்பியன்ட் இடத்தை நிரப்புகிறது, நேரத்தை எண்ணுவதில்லை. எனக்குக் கணக்குப் பார்க்கும்போது லோ-ஃபை ஒத்துவரும். எழுதும்போது தலையாட்டமே தொந்தரவாகிவிடும், அப்போது ஆம்பியன்ட்தான்.

படிக்கும்போது கேட்டா மண்டையில ஏறுமா?

நிச்சயமாக ஏறும் என்று சொல்லமாட்டேன். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். ஆனால் ஒன்று நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது: பேச்சொலி, நாம் அதைக் கவனிக்காதபோதும், படிப்பதிலும் வரிசையாக நினைவில் வைப்பதிலும் குறுக்கிடும். தமிழ்ப் பாட்டின் வரிகள் ஓடும்போது தமிழில் படிப்பது கடினம். லோ-ஃபையிலும் ஆம்பியன்ட்டிலும் பெரும்பாலும் வரிகளே இல்லை. பக்கத்து அறைப் பேச்சையும் தெருச் சத்தத்தையும் அவை ஓரளவு மூடவும் செய்கின்றன. படிப்பவருக்கு அதில் கிடைக்கும் உதவி பெரும்பாலும் இதுதான்.

எவ்வளவு சத்தமா வைக்கணும்?

ஆம்பியன்ட் என்றால் மின்விசிறியின் ஓசை கேட்கும் அளவுக்குக் குறைவாக, முடிந்தால் ஹெட்ஃபோன் இல்லாமல் ஸ்பீக்கரில். 1982-இல் ஜப்பானிய இசையமைப்பாளர் ஹிரோஷி யோஷிமுரா டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தை மனத்தில் வைத்துச் செய்த சின்னச் சின்னக் கீபோர்டு துண்டுகளைக் காலையில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டுப் பாருங்கள். காக்கையும் பால்காரர் வண்டியும் நடுவில் வரட்டும்.

நானே வீட்ல ஆம்பியன்ட் செய்ய முடியுமா?

மூன்று கைபேசிகள் போதும். மோகன ராகத்தின் ச, க, ப மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ரி, த-வும் சேர்க்கலாம். மோகனத்தில் எந்த இரண்டு ஸ்வரமும் அடுத்தடுத்த ஸ்வரஸ்தானமாக இல்லை, அதனால் எது எதோடு மோதினாலும் உரசாது. கைபேசிக்கு ஒரு ஸ்வரம் வீதம், ஐந்தாறு விநாடி 'ம்' என்று மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடித்துப் பதிவுசெய்யுங்கள். சட்டென்று தொடங்கினால் ஒவ்வொரு முறையும் காது திரும்பும்.

பிறகு மௌனத்தைச் சேர்த்து முதல் பதிவை 17 விநாடி, இரண்டாவதை 21, மூன்றாவதை 26 விநாடி நீளமாக்குங்கள். 20, 30 என்று பத்தின் மடங்குகளாக வைத்தால் நிமிடத்துக்கு ஒருமுறை சேர்ந்துகொள்ளும், ஐந்தே நிமிடத்தில் வடிவம் பிடிபட்டுவிடும். 17, 21, 26-க்குப் பொதுக் காரணி இல்லை. மூன்றும் மறுபடி சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மூன்றையும் லூப்பில் போட்டு, கைபேசிகளை அறையின் மூன்று மூலைகளில், துணி அலமாரிக்குள் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று என்று வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அலமாரிக்குள் இருப்பதற்குத் துணியே ஃபில்டர்.